குளிர்ந்தால் கூசும் பல், வீங்கிய ஈறு: டாக்டரைப் பார்க்கும்வரை

"டாக்டருக்கு வணக்கம். எனக்கு 44 வயது. காத்ர் போர்ன் பக்கம் குடியிருக்கிறேன். இடது கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல்லில் அலூடாவோ ஐஸ் தண்ணீரோ பட்டால் சுரீர் என்கிறது, கொஞ்சத்தில் அடங்கிவிடுகிறது. மூன்று நாளாக அதை ஒட்டிய ஈறும் சிவந்து வீங்கியிருக்கிறது. துலக்கினால் ரத்தம் வருகிறது. காய்ச்சல் இல்லை. பிரஷருக்குத் தினமும் மாத்திரை உண்டு. தைப்பூசக் காவடி விரதத்தில் இருக்கிறேன், பூசத்தன்று கன்னத்தில் அலகும் குத்திக்கொள்வேன். பல் டாக்டரிடம் நான்கு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தில் எனக்குச் சற்று ஆறுதல் தருவது அந்தச் சுரீர்தான். குளிர் பட்டுப் பல் கூசுகிறது என்றால் அதற்குள் இருக்கும் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்லின் வேர் நுனியில் கட்டும் சீழ் பெரும்பாலும் அந்த நரம்பு செத்து அழுகிய பிறகு வருவது. செத்த நரம்புக்குக் குளிர் தெரியாது. ஆகவே கூச்சமும் வீக்கமும் ஒரே இடத்தில் இருக்கும்போது, கோளாறு வேர் நுனியில் இருப்பதைவிட மேலே, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பல்லின் மேல் மூடியான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. வேருக்கு அந்த மூடியும் கிடையாது. ஈறு கொஞ்சம் கீழே இறங்கினாலும் வேர் வெளியே தெரியத் தொடங்கும், அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் நரம்புக்குச் சேதி போய்விடும். ஈறு ஏன் இறங்குகிறது? பின்பற்களில் நான் முதலில் சந்தேகிப்பது இரண்டு பல்லுக்கு நடுவே உணவு போய் அடைவதைத்தான். மாம்பழ நார், தேங்காய்த் துருவல், கீரைக் காம்பு எதுவானாலும் ஒரே இடத்தில் தினம் போய் இறுகினால் ஈறு புண்ணாகி வீங்கும், துலக்கினால் ரத்தம் வரும். அந்த இடுக்கிலேயே சொத்தை விழுந்திருந்தால், அல்லது பழைய அடைப்பின் ஓரம் உடைந்திருந்தால், கூச்சத்துக்கும் வீக்கத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் நரம்பு உயிரோடு இருப்பதால் சீழே இருக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈற்றுக்கும் வேருக்கும் நடுவே உள்ள பையில் சீழ் கட்டுவது தனி வகை. பல் நன்றாக இருக்கும்போதே அது வரும். இன்னொன்று, நீங்கள் சொல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர். ஒரு வேரின் நரம்பு செத்து, மற்றதன் நரம்பு உயிரோடு இருப்பதும் நடக்கக்கூடியதே. அதனால் இன்றைக்கே ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடி, போன் டார்ச், சிறிய தேக்கரண்டி இவை போதும்.

ஈறு எங்கே வீங்கியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கையைக் கழுவிவிட்டுக் கன்னத்தை விரலால் விலக்கி வெளிச்சம் அடியுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக ஏறி நிற்கும் ஈறு மட்டும் சிவந்து உப்பியிருந்தால் பெரும்பாலும் உணவு அடைந்த கோளாறு. பல்லின் விளிம்பைவிட்டுக் கீழே தள்ளி, வேர் இருக்கும் உயரத்தில், கன்னமும் ஈறும் சேரும் மடிப்புக்குப் பக்கத்தில் உருண்டையாகத் தெரிந்தாலோ, வெள்ளையோ மஞ்சளோ முனை வைத்த பரு ஒன்று இருந்தாலோ அங்கே சீழ் இருக்கிறது. நாக்குப் பக்கத்து ஈற்றையும் மறக்காமல் பாருங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. தேக்கரண்டியின் காம்பு முனையால் முதலில் வலப்பக்கத்தில் அதே பல்லை மெல்லத் தட்டுங்கள். பிறகு இடப்பக்கத்தில் கூசும் பல்லுக்கு முன்னால் உள்ளது, அந்தப் பல், அதற்குப் பின்னால் உள்ளது என்று வரிசையாகத் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குத்தினாற்போல் வலித்தால், அல்லது வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் மோதி, வளர்ந்துவிட்டதுபோல் தோன்றினால், வேரைச் சுற்றி அழற்சி இருக்கிறது. அழுத்தம் பல்லைக் குழியிலிருந்து சிறிது மேலே தூக்குவதால்தான் அப்படித் தோன்றுகிறது.

கடைசியாகக் குளிர். ஐஸ் கட்டியை வைக்க வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு போதும். அந்தப் பக்கம் ஒதுக்கிக் கூச்சம் வந்ததும் துப்பிவிட்டு மனத்துக்குள் எண்ணுங்கள். சில நொடிகளில் அடங்கினால் நரம்பு தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. துப்பிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி இழுத்துக்கொண்டே போனால், எதுவும் படாமல் தானாக வலித்தால், அல்லது இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், நரம்பு வீங்கித் திரும்ப முடியாத கட்டத்துக்குப் போய்விட்டது. அப்படியானால் நான்கு நாள் காத்திருக்காமல் இன்றே டாக்டருக்குப் போன் செய்து நேரத்தை முன்னால் கேளுங்கள். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், நரம்பைச் சீண்டுவதில் பயனில்லை.

நீங்கள் எழுதியபடி கூச்சம் சீக்கிரம் அடங்கி, தட்டினால் வலியில்லாமல், வீக்கமும் இடுக்கு ஈற்றில் மட்டும் இருந்தால், முதல் மருந்து சுத்தம்தான். மருந்துக்கடையில் பல் இடுக்கு நூல் ஒரு டப்பா வாங்குங்கள். ஒரு முழ நீளம் எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றி, இடையில் இரண்டு அங்குலம் விறைப்பாகப் பிடியுங்கள். பற்களுக்கு நடுவே ரம்பம் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து மெதுவாக இறக்க வேண்டும். ஒரேயடியாக அழுத்தினால் நூல் ஈற்றை அறுத்துவிடும். இறங்கியதும் நூலை ஒரு பல்லின் பக்கவாட்டில் அணைத்தாற்போல் வளைத்து, ஈற்று விளிம்புக்குச் சற்று உள்ளே போகும்வரை இறக்கி மேலே தேய்த்து எடுங்கள். பிறகு அடுத்த பல்லின் பக்கமும் அப்படியே. எடுக்கும்போது மேலே இழுக்காமல் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவினால், ஆடிக்கொண்டிருக்கும் அடைப்பு ஏதும் இருந்தாலும் கூடவே பெயர்ந்து வராது. ரத்தம் கசியும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். வெளியே வந்த நூலைப் பாருங்கள், முகருங்கள். நார் வந்தாலும் கெட்ட நாற்றம் வந்தாலும் காரணம் பிடிபட்டது. ஒரே இடத்தில் நூல் பிய்ந்து பிசிறானால் அங்கே சொத்தையோ உடைந்த அடைப்போ இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பல்குச்சி, ஊசி, ஊக்கு எதையும் அங்கே விடக்கூடாது. நாரை இன்னும் ஆழமாகத் தள்ளுவதோடு புண்ணையும் பெரிதாக்கும்.

நூல் போட்ட பிறகு ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு மடக்கையும் அரை நிமிடம் அந்தப் பக்கம் அலசித் துப்புங்கள். சாப்பிட்ட பின்னும் படுக்கும் முன்னும், நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். அதற்குமேல் உப்பைக் கூட்டினால் புண் எரியும், வேறு பலன் இல்லை. இது கிருமியைக் கொல்லும் மருந்தல்ல. இடுக்கில் உள்ளதைக் கழுவி ஈற்றின் உப்பலைச் சற்று வடியச் செய்கிறது, அவ்வளவுதான். மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் சேர்த்தே துலக்குங்கள். வலிக்கிறது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிடுவதால்தான் மூன்று நாள் வீக்கம் பத்து நாள் வீக்கமாகிறது.

கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை, பொட்டாசியம் நைட்ரேட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, இரவு துலக்கிய பின் பட்டாணி அளவு விரலில் எடுத்துப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தடவி, எச்சிலைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுங்கள். நான்கு நாளில் சிறிது குறையும். முழுப் பலனுக்குச் சில வாரம் ஆகும். வேர் வெளியே தெரிவதால் வரும் கூச்சத்துக்குத்தான் இது. சொத்தை ஆழமாகி நரம்பு வீங்கியிருந்தால் எத்தனை டியூப் பூசினாலும் கேட்காது.

கிராம்பு எண்ணெய் பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதில் உள்ள யூஜினால் என்ற பொருள் உண்மையிலேயே மரக்கச் செய்யும், பல் மருத்துவத்திலும் அது பயன்படுகிறது. ஆனால் அது குழி விழுந்த பல்லுக்கான மருந்து. ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுக் குழிக்குள் மட்டும் ஒற்ற வேண்டும். வீங்கிய ஈற்றில் நேராகத் தடவினால் தோல் வெந்துவிடும். உங்களுக்குக் குழி எதுவும் தெரியாததால் அதை விட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிவைப்பது, பூண்டை நசுக்கிக் கட்டுவது இரண்டும் இதைவிடக் கெடுதல். ஈறு வெள்ளையாக உரிந்து, பழைய வலியோடு புதிய புண்ணும் சேரும்.

கன்னத்தில் கனமாக இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் கால் மணி நேரம் வைத்து எடுங்கள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். சுடுநீர்ப் பை வேண்டாம். சீழ் இருந்தால் சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தைப் பரப்பும். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். தாழப் படுத்தால் தலைக்கு ரத்தம் கூடி விண்விண் என்று தெறிக்கும்.

வலி மாத்திரை விஷயத்தில் உங்களுக்கு மற்றவர்களுக்குச் சொல்வதைச் சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரை எதுவும் எடுக்காத, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா எதுவும் இல்லாத பெரியவருக்குப் பல்வலியில் நன்றாகக் கேட்பது இபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு மூன்று முறைக்கு மேல் போகாமல் எடுக்கலாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அதைத் தொடக்கூடாது. நீங்களோ பிரஷர் மாத்திரை எடுக்கிறீர்கள், அந்த மாத்திரையின் பலனை இபுப்ரோஃபென் குறைக்கும். போதாததற்கு விரதத்தில் வெறும் வயிறு, தண்ணீரும் குறைவு, ஜனவரி பிப்ரவரி வெயிலில் காவடியோடு வெறுங்காலில் நடை. இந்த எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும், வயிற்றிலும் ரத்தம் கசியலாம். எனவே உங்களுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாள் முழுக்க எட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒரே மாத்திரையில் 1000 மி.கி. உள்ள பெட்டிகளும் விற்கின்றன, அதில் இரண்டு போட்டால் அளவு இரட்டித்துவிடும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். உங்கள் எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, கல்லீரல் கோளாறு இருந்தாலோ மருந்தாளரிடம் அளவைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. இந்த மழைக்கால வெயிலில் மொரிஷியஸில் டெங்கும் வரும். ஈறு வீக்கத்தோடு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் பல்லால்தான் என்று முடிவுகட்டி இபுப்ரோஃபென்னோ ஆஸ்பிரினோ போடாதீர்கள். டெங்குவில் இவை ரத்தக் கசிவை உண்டாக்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தேடும் எண்ணம் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஈற்றிடுக்கில் நார் இருக்கும்வரை எந்த மாத்திரையும் அதை எடுக்காது. நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. இரண்டு நாள் போட்டால் வலி சற்று அடங்கும், நீங்களும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவீர்கள், மாத்திரை நின்றதும் முன்னைவிடப் பெரிதாக வீங்கும். சீழுக்கு வேண்டியது வெளியேறும் வழி. அதை டாக்டர் திறந்துவிட வேண்டும். காய்ச்சலோ, முகத்தில் பரவும் வீக்கமோ இருந்தால் அதனுடன் ஆன்டிபயாடிக்கும் எழுதித் தருவார். வீட்டில் ஊசியால் குத்திச் சீழ் எடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வேர் நுனியில் சீழ் கட்டப் போகும் பல் வழக்கமாக ஒரு வரிசையில் மாறிக்கொண்டு போகும். முதலில் குளிருக்குச் சுரீர், உடனே அடங்கும். பிறகு குளிரின் வலி நீளும். அதற்கடுத்து டீயின் சூடு பட்டால் வலிக்கும், குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால் சுகமாக இருக்கும். அப்புறம் ஒருநாள் எல்லாம் நின்றுவிடும். அலூடா குடித்தாலும் ஒன்றும் செய்யாது. இந்த நாளில்தான் பலர் பல் தேறிவிட்டது என்று டாக்டர் நேரத்தை ரத்து செய்கிறார்கள். நரம்பு செத்ததால்தான் வலி நின்றது. சில நாளிலோ சில மாதத்திலோ கடித்தால் வலி, பல் நீண்டாற்போல் தோன்றுதல், விண்விண் என்ற தெறிப்பு, தாடைக்குக் கீழே நெறி கட்டுதல் என்று அடுத்த கட்டம் வரும். திடீரென்று வாயில் உப்பும் துர்நாற்றமுமாக ஏதோ ஊறி, அதோடு வலி குறைந்தால் சீழ்க்கட்டி உடைந்திருக்கிறது. சீழ் வழி கண்டுகொண்டதே தவிர அதன் ஊற்று அப்படியே இருக்கிறது. ஆகவே இந்த நான்கு நாளில் உங்கள் கூச்சம் திடீரென்று காணாமல் போனால் எனக்கு அது நல்ல சேதியல்ல. நூல் போட்டபிறகு வீக்கமும் சேர்ந்து மெல்ல வடிந்தால் மட்டுமே அது நல்ல சேதி.

ஈற்றுப் பையில் கட்டும் சீழ் வேறு மாதிரி. குளிர் தெரியும், பல் சற்று ஆடும், வீக்கத்தை விரலால் அழுத்தினால் ஈற்று விளிம்பிலிருந்து சீழ் கசியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும். நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. நீங்கள் அண்மையில் பார்க்கவில்லை என்றால் பல் டாக்டரிடம் போகும் முன் ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் பல் இருக்கும் இடம் சாதாரணமான இடமல்ல. கீழ்வரிசையின் கடைசி இரண்டு பற்களின் வேர்கள் வாயின் அடித்தளத் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே போகின்றன. அங்கே தாடை எலும்பின் நாக்குப் பக்கம் மெல்லியது. சீழ் அதைத் துளைத்தால் கன்னத்துக்கு வராமல் தாடைக்கு அடியில், கழுத்தை நோக்கி இறங்கலாம். அப்போது நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப் பாதை அடையும். இது மணிக்கணக்கில் முற்றக்கூடியது. தாடைக்குக் கீழோ கழுத்திலோ வீங்கிக் கல்போல் இறுகினால், நாக்கின் அடி உப்பினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் மாறினால், இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை என்றால், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு நடுக்கம் வந்தால், பல் டாக்டரின் நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பக்கம் காந்தோஸ் விக்டோரியா மருத்துவமனை, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் நீங்களே கார் ஓட்டாமல் 114-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை உட்கார்ந்தே இருங்கள், மல்லாந்து படுக்கக்கூடாது. மேல்வரிசைப் பல்லாக இருப்பவர்களுக்கு, வீக்கம் ஏறிக் கண் இமை மூடத் தொடங்குவது இதே அளவுக்கு அவசரம்.

அலகு விஷயத்தை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஈறு முழுதாக ஆறி, டாக்டரும் சரி என்று சொல்லாதவரை அந்த வாயில் அலகு வேண்டாம். வலக் கன்னமானாலும் நாக்கானாலும் அதே பதில்தான். சீழோ அழற்சியோ உள்ள வாயின் எச்சிலில் கிருமி நிறைந்திருக்கும். வேல் கன்னத்தைத் துளைக்கும்போது அதைத் தசைக்குள் கொண்டுபோய் விடும். வலது கன்னத்தில் ஒன்றுமில்லையே என்று தோன்றலாம், எச்சில் ஒன்றுதான். அதோடு வெயிலில் மணிக்கணக்காக வாயைத் திறக்காமல், தண்ணீர் குடிக்காமல் நடந்தால், வீக்கம் கூடுவதை நீங்கள் உணரவும் மாட்டீர்கள். கோயிலில் அலகு குத்துபவரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டால் பூசத்தன்று யாருக்கும் சங்கடம் இருக்காது. காவடியும் பாற்குடமும் எடுக்கத் தடையில்லை, காய்ச்சல் இல்லாமல் இருந்தால். வழியில் தண்ணீர் குடியுங்கள்.

டாக்டரிடம் போகும் அன்று காலை, தாங்கக்கூடிய வலி என்றால் மாத்திரை போடாமல் போங்கள். அவர் ஒவ்வொரு பல்லாகக் குளிர் வைத்தும் தட்டியும் பார்ப்பார், மாத்திரை போட்டிருந்தால் எந்தப் பல் என்பது மழுங்கிவிடும். அளவு கோடிட்ட மெல்லிய கம்பியால் ஈற்றுப் பையின் ஆழத்தையும் அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் படத்தில் நிழல் விழும், தொடக்கச் சீழ் அதில் தப்பிவிடும். தட்டினால் வலித்ததா, குளிர் எத்தனை நொடி நின்றது, நூல் எங்கே பிய்ந்தது, எந்த நாளில் வீக்கம் கூடியது குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் பிரஷர் மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரக்க ஊசி போடுவதற்கு முன் அவர் அதைப் பார்க்க வேண்டும்.